ஒரே கணக்கு, நான்கு விடைத்தாள்: போக்குவரத்துக் கணக்கின் தொடக்கத் தீர்வில் நடந்த பிழைகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு கலை அறிவியல் கல்லூரியின் வணிகவியல் இறுதியாண்டு வகுப்பில், தமிழ்வழியில் படிக்கும் நான்கு மாணவர்கள் பருவத்தேர்வுக்கு முன் சேர்ந்து பயிற்சி செய்துவந்தார்கள். பாடம் செயல்முறை ஆராய்ச்சி. அவர்கள் கேட்டுக்கொண்டதால், பாட ஆசிரியை ஒரு போக்குவரத்துக் கணக்கை எழுதிக் கொடுத்து, வடமேற்கு மூலை முறையிலும் குறைந்த செலவு முறையிலும் தொடக்கத் தீர்வு காணச் சொன்னார். முறைக்கு ஐந்து மதிப்பெண், மொத்தம் பத்து. நேரம் அரை மணி.

இந்த வகைக் கணக்கை 1941இல் ஃபிராங்க் ஹிட்ச்காக் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் வரையறுத்துத் தீர்வுமுறையோடு வெளியிட்டார். பல இடங்களில் சரக்கு இருக்கிறது, பல இடங்களில் அது தேவைப்படுகிறது, எங்கிருந்து எங்கே எவ்வளவு அனுப்பினால் செலவு மிகக் குறையும் என்பதே கேள்வி. அந்த மிகக் குறைந்த செலவை, அதாவது உகமத் தீர்வை, ஒரே தாவலில் எட்ட முடியாது. முதலில் விதிகளுக்கு உட்பட்ட ஏதாவது ஒரு திட்டம் கையில் வேண்டும். அதைப் படிப்படியாகச் செம்மைப்படுத்துவது அடுத்த வேலை. மாணவர்களிடம் கேட்கப்பட்டது அந்த முதல் திட்டம் மட்டுமே.

கணக்கு இது. மூன்று அரிசி ஆலைகள் நான்கு கடைகளுக்கு மூட்டைகள் அனுப்புகின்றன. கட்டத்துக்குள் இருப்பது ஒரு மூட்டையை அனுப்ப ஆகும் செலவு, ரூபாயில்.

| | க | ச | த | ப | அளிப்பு |
|---|---|---|---|---|---|
| ஆலை 1 | 6 | 5 | 8 | 7 | 30 |
| ஆலை 2 | 3 | 3 | 6 | 9 | 40 |
| ஆலை 3 | 9 | 8 | 2 | 5 | 50 |
| தேவை | 20 | 35 | 15 | 50 | 120 |

மொத்த அளிப்பு 120, மொத்தத் தேவையும் 120. ஆகவே இது சமநிலைக் கணக்கு. கீழே "2ச" என்று எழுதினால், ஆலை 2இன் நிரையும் கடை ச-வின் நிரலும் சந்திக்கும் கட்டம் என்று பொருள்.

பார்த்தால் சாதாரணக் கணக்குதான். ஆனால் இரண்டு முறைகளிலும் தலா ஒரு கண்ணி இதில் இருந்தது. வடமேற்கு மூலைப் பகுதியில் இருந்த கண்ணியை ஆசிரியை தெரிந்தே வைத்திருந்தார். குறைந்த செலவுப் பகுதியில் இருந்தது அவரே கவனிக்காமல் விழுந்தது.

விடைத்தாள்களில் கண்டது: வடமேற்கு மூலை

இந்த முறையில் செலவைப் பார்ப்பதே இல்லை. அட்டவணையின் இடது மேல் மூலைக் கட்டத்தில், நிரையின் அளிப்பு, நிரலின் தேவை இரண்டில் எது குறைவோ அதை ஒதுக்க வேண்டும். தேவை தீர்ந்தால் வலப்பக்கம் நகர வேண்டும், அளிப்பு தீர்ந்தால் கீழே இறங்க வேண்டும்.

நான்கு பேரும் ஒரே மாதிரித் தொடங்கினார்கள். 1க-வில் 20, கடை க முடிந்தது, ஆலை 1இல் மீதி 10. அந்தப் பத்தும் 1ச-வுக்குப் போனது. ஆலை 1 முடிந்தது, கடை ச-வுக்கு இன்னும் 25 வேண்டும். 2ச-வில் 25, கடை ச முடிந்தது, ஆலை 2இல் மீதி 15. 2த-வில் 15.

கண்ணி இங்கேதான். ஆலை 2இல் மீதி 15, கடை த-வின் தேவையும் 15. இரண்டும் ஒரே நேரத்தில் தீர்கின்றன. அடுத்தது வலப்பக்கமா, கீழேயா? நான்கு பேரும் குறுக்காக 3ப-வுக்குத் தாவி அங்கே 50 வைத்தார்கள். செலவு: 20 × 6 + 10 × 5 + 25 × 3 + 15 × 6 + 50 × 5 = 585 ரூபாய். நால்வரின் தாளிலும் இதே எண் இருந்தது, எண்ணும் சரி. ஆனால் நிரம்பிய கட்டங்கள் ஐந்துதான். m நிரைகளும் n நிரல்களும் உள்ள அட்டவணையில் m + n − 1 கட்டங்கள் நிரம்ப வேண்டும். இங்கே 3 + 4 − 1 = 6. ஒன்று குறைகிறது. இதைத்தான் சிதைந்த தீர்வு என்கிறோம்.

இதற்குமேல் தாள்கள் வேறுபட்டன. முதலாமவர் எதுவும் சொல்லாமல் 585 என்று அடிக்கோடிட்டு முடித்துவிட்டார். மற்ற மூவரும் ஒரு கட்டத்தில் 0 எழுதி ஆறாக்கினார்கள், ஆனால் மூன்று வெவ்வேறு இடங்களில்: இரண்டாமவர் 2க-வில், மூன்றாமவர் 3த-வில், நான்காமவர் 2ப-வில். இரண்டாமவர் அங்கே வைத்ததற்கான காரணத்தைத் தாளிலேயே எழுதியிருந்தார்: "செலவு 3 மட்டுமே என்பதால்."

விடைத்தாள்களில் கண்டது: குறைந்த செலவு

இங்கே மூலையைப் பார்ப்பதில்லை. அட்டவணையிலேயே மிகக் குறைந்த செலவுள்ள கட்டத்தைத் தேடி, அங்கே முடிந்த அளவு ஒதுக்கி, தீர்ந்த நிரையையோ நிரலையோ அடித்துவிட்டு, மிஞ்சியதில் மறுபடியும் குறைந்ததைத் தேட வேண்டும்.

மிகக் குறைந்த செலவு 2, கட்டம் 3த. அங்கே 15 வைத்தால் கடை த முடிகிறது, ஆலை 3இல் மீதி 35. இதுவரை நால்வரும் ஒன்றாகவே வந்தார்கள். அடுத்த குறைந்த செலவு 3. அது 2க, 2ச ஆகிய இரண்டு கட்டங்களில் இருக்கிறது, அதுவும் ஒரே நிரையில்.

முதலாமவரும் இரண்டாமவரும், சமமாக வந்தால் அதிகம் ஒதுக்க முடிகிற கட்டத்தை எடு என்று வகுப்பில் சொன்ன விதிப்படி 2ச-வில் 35 வைத்தார்கள். ஆலை 2இல் மிஞ்சிய 5 மூட்டை 2க-வுக்குப் போனது. பிறகு 3ப-வில் 35, 1க-வில் 15, 1ப-வில் 15. செலவு 520. ஆசிரியையின் விடைக்குறிப்பிலும் 520தான் இருந்தது.

மூன்றாமவர் இடமிருந்து வலமாகப் படித்து முதலில் கண்ணில் பட்ட 2க-வில் 20 வைத்தார். 2ச-வுக்கு 20 மட்டும் கிடைத்தது, கடை ச-வுக்கு 15 பாக்கி. அடுத்த குறைந்த செலவு 5, அதுவும் 1ச, 3ப என்று இரண்டு இடத்தில் இருந்தது. 1ச-வில் 15, 3ப-வில் 35, கடைசியாக 1ப-வில் 15. செலவு 505.

நான்காமவருக்கு வந்தது 475. அவருடைய ஒதுக்கீடுகள்: 3த-வில் 15, 2க-வில் 20, 2ச-வில் 35, 3ப-வில் 35, 1ப-வில் 15. ஐந்தே கட்டங்கள் இருப்பதைக் கண்டு, இதுவும் சிதைந்த தீர்வு என்று எழுதி, 1க-வில் ஒரு 0 சேர்த்திருந்தார்.

முதல் திருத்தமும் எழுந்த கேள்வியும்

ஆசிரியை முதலில் விடைக்குறிப்பை வைத்தே திருத்தினார். 520 எழுதிய இருவருக்கும் முழு மதிப்பெண். 505க்கும் 475க்கும் தலா இரண்டு மதிப்பெண். தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது மூன்றாமவர் கேட்டார்: "மேடம், செலவைக் குறைக்கத்தானே கணக்கு? என் விடை உங்க விடையைவிடக் குறைவாத்தான் இருக்கு, அது எப்படித் தப்பாகும்?" உடனே நான்காமவர் சொன்னார்: "அப்படிப் பார்த்தா என்னுது இன்னும் குறைவு மேடம்."

இரண்டு கேள்விகளும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. ஒன்று நியாயமானது, இன்னொன்று இல்லை. இரண்டையும் பிரித்துக் காட்ட மொத்தச் செலவு உதவாது என்பதால், ஆசிரியை நான்கு தாள்களையும் வேறு வரிசையில் மறுபடி திருத்த முடிவுசெய்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

*செலவைப் பார்க்கும் முன் கூட்டல்.* ஒவ்வொரு தாளிலும் முதலில் நிரை நிரையாகவும் பிறகு நிரல் நிரலாகவும் கூட்டிப் பார்த்தார். நான்காமவரின் நிரல்கள் நான்கும் சரியாக வந்தன: 20, 35, 15, 50. மொத்தமும் 120. நிரைகளைக் கூட்டியபோதுதான் விஷயம் வெளிவந்தது. ஆலை 2இன் நிரையில் 20 + 35 = 55. அந்த ஆலையிடம் இருப்பதோ 40 மூட்டை. ஆலை 1இன் நிரையில் 15 மட்டும், அங்கே 15 மூட்டை தேங்கிக் கிடக்கிறது. இல்லாத பதினைந்து மூட்டையை ஆலை 2 மலிவாக அனுப்பியதாகக் காட்டியதால்தான் செலவு 475 ஆகத் தெரிந்தது.

இது எப்படி நேர்ந்தது என்று தாளிலேயே தெரிந்தது. அவர் ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்குப் பிறகும் தேவையை அடித்து மீதியை எழுதியிருந்தார், அளிப்பு நிரலில் ஆலை 3இன் மீதியைத் தவிர எதையும் எழுதவில்லை. கடைகளின் தேவை தீர்ந்ததா என்பது மட்டும்தான் அவர் செய்த சோதனை. இந்தப் பிழை நிறையத் தாள்களில் ஒளிந்துகொள்ளக் கூடியது. நிரல் கூடுதலும் மொத்தமும் சரியாக இருப்பதால், எழுதியவருக்குச் சந்தேகமே வராது. இன்னொரு தடயமும் அவர் கையிலேயே இருந்தது: கட்டம் ஒன்று குறைந்தது. அளிப்பும் தேவையும் ஒரே நேரத்தில் தீரும் இடம் எதுவும் அவருடைய வழியில் வரவில்லை. அப்படி ஓரிடமும் வராமல் கட்டம் குறைந்தால், அது கூட்டல் பிழை. நான்காமவர் பிழையின் அறிகுறியைப் பார்த்துவிட்டு, அதற்குச் சிதைந்த தீர்வு என்ற பெயரைக் கொடுத்து மூடிவிட்டார்.

மூன்றாமவரின் 505இல் நிரையும் நிரலும் எல்லாம் சரி, கட்டங்களும் ஆறு. அது ஒரு முறையான தொடக்கத் தீர்வு.

*சமமாக வந்த இடம்.* 520, 505 இரண்டும் குறைந்த செலவு முறையின் சரியான விடைகள். செலவு சமமாக வந்தால் எந்தக் கட்டத்தை எடுப்பது என்று கேள்வியில் சொல்லவில்லை. அதனால் மூன்றாமவருக்கும் முழு மதிப்பெண் என்று ஆசிரியை மாற்றினார். அதிகம் ஒதுக்க முடிகிற கட்டத்தை எடு என்பது ஒரு வழக்கம் மட்டுமே, குறைந்த செலவுக்கு அது உறுதி தராது என்பதையும் அதே கணக்கை வைத்துக் காட்டினார்.

ஆலை 2 தன் 40 மூட்டையை க, ச இரண்டுக்கும் ஒரே விலையில், அதாவது 3 ரூபாயில் அனுப்புகிறது. இரண்டின் தேவையும் சேர்ந்து 55. ஆகவே எப்படிப் பிரித்தாலும் 15 மூட்டை வேறு ஆலையிலிருந்து வரவேண்டும். முதல் இருவர் ச-வுக்கு முழுவதும் கொடுத்தார்கள், அந்தப் பதினைந்து கடை க-வின் தலையில் விழுந்தது. ஆலை 1 அதை 6 ரூபாய்க்கு அனுப்பியது. மூன்றாமவர் க-வுக்கு முழுவதும் கொடுத்தார், பதினைந்து கடை ச-வுக்குப் பாக்கியானது. ஆலை 1 அதை 5 ரூபாய்க்கு அனுப்பியது. மூட்டைக்கு ஒரு ரூபாய், பதினைந்து மூட்டை. 520க்கும் 505க்கும் இடையிலான 15 ரூபாய் முழுவதும் இதுதான்.

ஆக, சமமாக வந்தால் கேட்க வேண்டியது எந்தக் கட்டத்தில் அதிகம் வைக்கலாம் என்பதன்று. இந்தக் கட்டத்தை விட்டால் அந்தக் கடைக்கு அடுத்த மலிவு எவ்வளவு என்பது. கடை க-வுக்கு அடுத்தது 6, மூன்று ரூபாய் ஏறுகிறது. கடை ச-வுக்கு அடுத்தது 5, இரண்டு ரூபாய்தான் ஏறுகிறது. விட்டால் அதிகம் அடிபடுவது க, எனவே முதலில் க. தொடக்கத் தீர்வு காணும் இன்னொரு முறையான வோகல் முறையில் அபராதம் என்று கணக்கிடுவது இதே வித்தியாசத்தைத்தான். தேர்வில் குறைந்த செலவு முறை கேட்டால் இதையெல்லாம் எழுதத் தேவையில்லை. சமமாக வந்த இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கு மட்டும் மனதில் போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாமவரின் வழியில் 5 என்ற செலவும் இரண்டு இடத்தில் வந்தது அல்லவா? அது கவலைப்படத்தக்கதன்று. 1ச, 3ப இரண்டும் வெவ்வேறு நிரை, வெவ்வேறு நிரல். எதை முதலில் நிரப்பினாலும் மற்றதைப் பாதிக்காது. செலவு சமமாக வருவது தொல்லை தருவது, அந்தக் கட்டங்கள் ஒரே நிரையையோ ஒரே நிரலையோ பங்கிடும்போதுதான்.

*சுழியின் இடம்.* வடமேற்கு மூலைத் தீர்வில் ஆறாவது கட்டத்துக்கான 0 எங்கே போகலாம்? முறையை அதன் சொற்படியே செய்தால் கேள்வியே எழாது. 2த-வில் 15 வைத்ததும் ஆலை 2, கடை த இரண்டும் தீர்கின்றன. இரண்டையும் சேர்த்து அடிக்கக் கூடாது, ஒன்றை மட்டும் அடிக்க வேண்டும். ஆலை 2ஐ அடித்தால், கடை த இன்னும் உயிரோடு இருக்கிறது, தேவை 0. கீழே இறங்கி 3த-வில் 0 வைத்து, பிறகு 3ப-வில் 50. மாறாகக் கடை த-வை அடித்தால், வலப்பக்கம் 2ப-வில் 0, பிறகு 3ப-வில் 50. மூன்றாமவரும் நான்காமவரும் வைத்தவை இந்த இரண்டு இடங்கள். குறுக்கே தாவினாலும் இருவரின் 0 சரியான இடத்தில் விழுந்தது.

இரண்டாமவர் 2க-வில் வைத்தது ஏன் சேராது? 1க, 1ச, 2ச மூன்றும் ஏற்கெனவே நிரம்பியவை. 2க-வையும் சேர்த்தால் 1க-விலிருந்து 1ச, அங்கிருந்து 2ச, அங்கிருந்து 2க, மறுபடி 1க என்று ஒரு மூடிய சுற்று உருவாகிறது. மறுபுறம் 3ப தனித்தீவாகவே நிற்கிறது. ஆலை 3இன் நிரையிலும் கடை ப-வின் நிரலிலும் அதைத் தவிர நிரம்பிய கட்டம் இல்லை. அடுத்ததாக, தீர்வு உகமமா என்று சோதிக்க ஒவ்வொரு நிரைக்கும் u, ஒவ்வொரு நிரலுக்கும் v என்று மதிப்புகளைக் கண்டுபிடிக்கப் போனால், u1 = 0 என்று தொடங்கி முதல் இரண்டு நிரைகளுக்கும் க, ச, த-வுக்கும் மதிப்பு கிடைக்கும். ஆலை 3க்கும் கடை ப-வுக்கும் போக வழியே இருக்காது. காலியாக இருந்த ஏழு கட்டங்களில் 1ப, 2ப, 3க, 3ச, 3த ஐந்தும் தீவை இணைக்கும், எனவே 0 ஏற்கும். 1த, 2க இரண்டும் ஏற்காது. செலவு குறைவு என்பது இங்கே ஒரு தகுதியே இல்லை. 0 மூட்டைக்கு எந்த விலையிலும் செலவு 0தான்.

தொடக்கத் தீர்வு மட்டும் கேட்ட கேள்வியில் இந்தப் பிழை 585 என்ற எண்ணைத் தொடாது. அதனால் இரண்டாமவருக்கு ஒரு மதிப்பெண் மட்டும் குறைக்கப்பட்டது. எதையும் எழுதாமல் விட்ட முதலாமவருக்கும் ஒன்று. இது கொஞ்சம் கடுமை என்று சொல்லலாம். ஆனால் உகமத் தீர்வுவரை போகச் சொல்லும் கேள்வியில் அதே பிழை பாதி விடையை முடக்கிவிடும் என்பதால் ஆசிரியை விட்டுக்கொடுக்கவில்லை.

இடையில் செய்த ஒரு சோதனை

வடமேற்கு மூலை முறை செலவைப் பார்ப்பதில்லை என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று, அதே கணக்கில் கடைகளை ப, த, ச, க என்று திருப்பி எழுதச் சொன்னார் ஆசிரியை. ஆலைகள், விலைகள், அளவுகள் எதுவும் மாறவில்லை. இப்போது மூலையில் நிற்பது 1ப. அங்கே 30, பிறகு 2ப-வில் 20, 2த-வில் 15, 2ச-வில் 5, 3ச-வில் 30, 3க-வில் 20. செலவு 915. முன்பு 585 வந்த அதே கணக்கு, நிரல்களின் வரிசை மாறியதும் 915 ஆகிறது. சிதைவும் காணாமல் போயிற்று, ஆறு கட்டங்களும் தானாக நிரம்பின. அதனால் தேர்வில் கேள்வித்தாளில் உள்ள வரிசையை மாற்றாமல் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். அவசரத்தில் நிரல் இடம் மாறினால் தீர்வு முறையானதாகவே இருக்கும், விடை மட்டும் பொருந்தாது.

தொடர்ந்து நடந்தது

ஒரு வாரம் கழித்து இரண்டாவது கணக்கு தரப்பட்டது. இம்முறை சமநிலை இல்லாதது.

| | க | ச | த | அளிப்பு |
|---|---|---|---|---|
| ஆலை 1 | 4 | 7 | 5 | 25 |
| ஆலை 2 | 6 | 3 | 8 | 35 |
| ஆலை 3 | 5 | 6 | 9 | 40 |
| தேவை | 30 | 20 | 35 | |

அளிப்பு 100, தேவை 85. மிஞ்சும் 15 மூட்டைக்கு, செலவுகள் எல்லாம் 0 ஆக உள்ள ஒரு போலி நிரலைச் சேர்க்க வேண்டும். நால்வரும் சேர்த்தார்கள். அளிப்பு நிரலிலும் தேவை நிரையிலும் மீதியை எழுதிக்கொண்டே வந்தார்கள். நிரைக் கூடுதல் இம்முறை யாருக்கும் தவறவில்லை.

வடமேற்கு மூலையில் நால்வருக்கும் 495 வந்தது: 1க-வில் 25, 2க-வில் 5, 2ச-வில் 20, 2த-வில் 10, 3த-வில் 25, போலி நிரலில் ஆலை 3இன் 15. ஆறு கட்டங்கள், சரி.

குறைந்த செலவில் மறுபடி பிரிந்தார்கள். போலி நிரலின் சுழிகளே அட்டவணையில் மிகக் குறைந்தவை. அவற்றை முதலில் நிரப்புவதா, கடைசியில் விடுவதா? முதலாமவரும் நான்காமவரும் கடைசியில் விட்டார்கள். 2ச-வில் 20, 1க-வில் 25, 3க-வில் 5, 2த-வில் 15, 3த-வில் 20, மிஞ்சிய 15 ஆலை 3இன் போலிக் கட்டத்தில். செலவு 485. இரண்டாமவர் ஆலை 2இன் போலிக் கட்டத்திலிருந்து தொடங்கினார். 2ச-வில் 20 வைத்தபோது அளிப்பும் தேவையும் சேர்ந்து தீர, நிரலை மட்டும் அடித்து, பிறகு 2த-வில் 0 வைத்து 500 என்று முடித்தார். போன வாரம் தடுக்கிய இடத்தைச் சரியாகக் கடந்த தாள் அது.

மூன்றாமவர் ஆலை 1இன் போலிக் கட்டத்தில் 15 வைத்துத் தொடங்கினார். 2ச-வில் 20, 1க-வில் 10, 3க-வில் 20, 2த-வில் 15, 3த-வில் 20. அவருக்கும் 500. தவறே இல்லை. ஆனால் வடமேற்கு மூலையில் 495 வந்திருக்க, குறைந்த செலவு முறையில் அதைவிட அதிகம் வருமா என்று நம்பாமல், சரியான விடையை அடித்துவிட்டு, கட்டங்களைக் கலைத்துப்போட்டு 480 வருமாறு எதையோ எழுதினார். நேரம் முடிந்தது.

இதில் ஆசிரியையின் பங்கும் உண்டு. முதல் கணக்கில் 585, 520, 505 என்று வந்தபோது, குறைந்த செலவு முறை எப்போதும் வடமேற்கு மூலையைவிட மலிவாகவே தொடங்கும் என்ற எண்ணம் மாணவர்களிடம் ஊன்றிவிட்டது. யாரும் அப்படிச் சொல்லவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை.

ஏன் அப்படி வந்தது என்று பிறகு பார்த்தார்கள். எங்காவது 15 மூட்டை தங்கித்தான் ஆக வேண்டும். தங்குவதற்குச் செலவில்லை, ஆனால் எந்த ஆலையில் தங்குகிறது என்பதற்கு விலை உண்டு. கடை க-வுக்கும் த-வுக்கும் மலிவாக அனுப்பக்கூடியது ஆலை 1தான். அதன் 25இல் 15ஐ வீட்டிலேயே நிறுத்திவிட்டால், மற்ற ஆலைகள் கூடுதல் விலையில் அந்த வேலையைச் செய்ய வேண்டும். 485 வந்தவர்களும் உகமத்துக்கு அருகில் இல்லை. அந்தக் கணக்கின் உகமச் செலவு 415. ஆலை 1 தன் 25ஐயும் த-வுக்கு 5 ரூபாயில் அனுப்பி, கடை க-வின் 30ஐயும் ஆலை 3 அனுப்பினால் அது கிடைக்கிறது. ஆலை 2 ச-வுக்கு 20, த-வுக்கு 10. போலிக் கட்டங்களில் ஆலை 2க்கு 5, ஆலை 3க்கு 10. குறைந்த செலவு முறை 1க-வில் 4 என்ற எண்ணைக் கண்டு ஓடியது. 3க-வில் அதே வேலை 5 ரூபாய்க்கு முடியும், ஒரு ரூபாய்தான் வித்தியாசம். அந்த ஒரு ரூபாயைப் பிடிக்கப் போய், கடை த-வுக்கு 5 கொடுக்க வேண்டிய இடத்தில் 8ம் 9ம் கொடுத்தது.

முதல் கணக்கில் மூன்றாமவரின் 505தான் உகமத் தீர்வும். காலிக் கட்டத்தில் ஒரு மூட்டை வைத்தால் செலவு எவ்வளவு மாறும் என்று சோதித்துப் பார்த்தபோது, ஆறு காலிக் கட்டங்களிலும் நேர்மறை எண்களே வந்தன. அது தற்செயல். அதையே முறையின் இயல்பு என்று அவர் எடுத்துக்கொண்டதும் இரண்டாவது தாளில் அடித்து எழுதியதற்கு ஒரு காரணமாகத் தெரிகிறது.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, 485க்கும் 500க்கும் ஒரே மாதிரி முழு மதிப்பெண் தரப்பட்டது. அடித்த விடைக்குத் தரவில்லை. சுழிகளை முதலில் எடுப்பது முறையின் சொல்லுக்கு நெருக்கமானது, கடைசியில் விடுவது பலர் பின்பற்றும் வழக்கம். எதைச் செய்தாலும் "போலி நிரலின் சுழிகள் கடைசியில் கொள்ளப்படுகின்றன" என்பது போல ஒரு வரி விடையின் தலைப்பில் எழுதிவிட வேண்டும் என்று முடிவானது. திருத்துபவர் தன் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்பாமல் இருக்க அந்த ஒரு வரி போதும்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

விடைக்குறிப்பு தயாரிக்கும்போதே சமமாக வரும் இடங்களைத் தேடி, ஒவ்வொரு கிளைக்கும் மொத்தத்தைக் கணக்கிட்டு வைப்பதாக ஆசிரியை முடிவுசெய்திருக்கிறார். முதல் கணக்கில் 520 மட்டும் குறிப்பில் இருந்ததால்தான் ஒரு சரியான தாள் முதலில் தவறாகத் திருத்தப்பட்டது.

பயிற்சித்தாளில் அட்டவணைக்கு வெளியே காலியாக ஒரு நிரலும் ஒரு நிரையும் அச்சிட்டுக் கொடுக்கப்படும், ஒதுக்கீடுகளின் கூடுதலை அங்கே எழுதுவதற்காக. மொத்தச் செலவுக்கான இடம் அதற்குக் கீழே வரும், மேலே வராது. இரண்டாவது கணக்கைப் போன்ற ஒன்று, அதாவது வடமேற்கு மூலையில் குறைவாகவும் குறைந்த செலவு முறையில் அதிகமாகவும் வரக்கூடியது, பயிற்சியின் கடைசியில் வராமல் முதல் வாரத்திலேயே வரும். சிதைந்த தீர்வும் செலவு சமமாக வரும் இடமும் ஒரே கணக்கில் சேர்ந்து வராது, தனித்தனியாகக் கொடுக்கப்படும். மூன்றாமவர் அடித்த தாளின் நகலைப் பெயரை மறைத்து வகுப்பில் காட்டலாமா என்று ஆசிரியை அவரிடம் கேட்டார். ஒத்துக்கொண்டார். ஆனால் அடிப்பதற்கு முன்னால் இருந்த 500ஐயும் சேர்த்துக் காட்டினால்தான் சம்மதம் என்றார்.